அம்மாவின் கணக்கில் 6 ரூபாய் 40 காசு பற்று: இதை எடுத்தது யார்?

வாணி_தருமபுரி | 6 செப்டம்பர் 2025, காலை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் மாதம் 11,430 ரூபாய், ஒரு பொதுத்துறை வங்கியின் சேமிப்புக் கணக்கில் வருகிறது. மாதக் கடைசியில் பணம் ஏறியதும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், சீட்டு எழுதி 11,000 ரூபாயை மொத்தமாக எடுத்துவிடுவார். ஏடிஎம் அட்டை அவரிடம் கிடையாது, யுபிஐயும் கிடையாது. ஆகவே அவருடைய கணக்கில் மாதத்துக்கு ஒரு வரவும் ஒரு பற்றும் மட்டுமே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போன மாசம் மிச்சம் வெச்சதுகூட இல்லையே" என்று அவர் சொன்னதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பற்றுகள் எனக்குப் புரியவில்லை. அவற்றை மட்டும் தேதி, தொகை, மீதி என்ற வரிசையில் கீழே தருகிறேன்.

```
05-06-25  ACH DR RTN CHG   295.00     317.40
09-06-25  ACH DR RTN CHG   295.00      22.40
05-07-25  ACH DR RTN CHG   295.00     166.40
09-07-25  ACH DR RTN CHG   166.40       0.00
31-07-25  CHRG RECOVERY    128.60   11301.40
05-08-25  ACH DR RTN CHG   295.00       6.40
08-08-25  ACH DR RTN CHG     6.40       0.00
30-08-25  CHRG RECOVERY    288.60   11141.40
```

295 ரூபாய் ஒரே மாதத்தில் இரண்டு முறை ஏன் வருகிறது? 6 ரூபாய் 40 காசு என்று ஒரு கட்டணம் உலகத்தில் உண்டா? ஜூலையில் கணக்கு பூஜ்யத்துக்குப் போனது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது.

சுடர் | 6 செப்டம்பர், காலை

இது இணையக் கொள்ளை. சிறு சிறு தொகையாக எடுத்து முதலில் ஆழம் பார்ப்பார்கள், பிறகு மொத்தமாகத் துடைத்துவிடுவார்கள். என் சித்தப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. உடனே 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், கணக்கை முடக்கச் சொல்லுங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால்தான் வங்கி முழுப் பொறுப்பேற்கும்.

குமரன்87 | 6 செப்டம்பர், காலை

கொள்ளையெல்லாம் இல்லை. குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்கான அபராதம் இது. 250 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 295. உங்கள் அம்மா மொத்தப் பணத்தையும் எடுத்துவிடுகிறார் அல்லவா, அதற்குத்தான் பிடிக்கிறார்கள். ஒரு 2,000 ரூபாயை எப்போதும் கணக்கில் விட்டுவைத்தால் தீர்ந்தது.

ஓய்வு_காசாளர் | 6 செப்டம்பர், நண்பகல்

வாணி அம்மா, முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குமரன் தம்பி பாதிக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார். 295ஐ 1.18ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 250 வருகிறது. அறிமுகமில்லாத ஒரு பற்றைப் பார்த்ததும் நான் முதலில் செய்யும் வேலை இந்த வகுத்தல்தான். 17.70 என்றால் 15, 236 என்றால் 200, 590 என்றால் 500. இப்படி முழு எண்ணாக வந்தால், அது பெரும்பாலும் வங்கியே தன் கட்டண அட்டவணைப்படி எடுத்தது. அதற்காக இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். கடையில் 590 ரூபாய்க்கு வாங்கிய சட்டையும் இதே வகுத்தலில் 500 காட்டும். மே மாதக் கடைசியில் பல கணக்குகளில் பிடிக்கப்படும் 436 ரூபாயும் 20 ரூபாயும் அரசின் இரண்டு காப்பீட்டுத் திட்டங்களுக்கான ஆண்டுப் பிரீமியம். அவை கட்டணம் அல்ல என்பதால் இந்த வகுத்தலில் அகப்படா.

ஆனால் இது குறைந்தபட்ச இருப்பு அபராதம் அல்ல. அந்த அபராதம் ஒரே மாதத்தில் 5ஆம் தேதி ஒரு முறை, 9ஆம் தேதி ஒரு முறை என்று வராது. 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்குத் தக்கபடிதான் அதைப் போட வேண்டும், முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவித்தும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விவரப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ACH DR என்றால் யாரோ ஒரு நிறுவனம், உங்கள் அம்மா கையெழுத்திட்டுக் கொடுத்த தானியங்கிப் பற்று ஒப்புதலை வைத்துக்கொண்டு, அவர் கணக்கிலிருந்து பணம் கேட்டிருக்கிறது என்று பொருள். RTN என்றால் கணக்கில் பணம் இல்லாததால் வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. CHG அந்தத் திருப்பலுக்கான கூலி. செக் திரும்பினால் கட்டணம் போடுவார்களே, அதே சங்கதிதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கேட்ட தொகை எவ்வளவு, கேட்டவர் யார் என்பது பல வங்கிகளின் அறிக்கையில் தெரியவே தெரியாது. பணம் போகவில்லை என்பதால் அதற்கு ஒரு வரி இல்லை. கட்டணத்துக்கு மட்டும்தான் வரி இருக்கிறது.

இப்போது உங்கள் 6 ரூபாய் 40 காசுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 8 அன்று வங்கிக்கு 295 வர வேண்டியிருந்தது, கணக்கில் கிடந்ததோ 6.40. அதை எடுத்துக்கொண்டு, பாக்கி 288.60ஐ நிலுவையில் வைத்திருக்கிறார்கள். 30ஆம் தேதி ஓய்வூதியம் ஏறியதும் முதல் வேலையாக அதை வசூலித்துவிட்டார்கள். 6.40ஐயும் 288.60ஐயும் கூட்டிப் பாருங்கள். அதேபோல ஜூலையின் 166.40ஐயும் 128.60ஐயும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் 295தான். ஆகவே உங்களுக்கு எட்டாகத் தெரிபவை உண்மையில் ஆறு கட்டணங்கள், மொத்தம் 1,770 ரூபாய். முழு ரூபாயாக இல்லாத ஒரு பற்று, மீதியைச் சரியாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால், அதன் மறுபாதி அடுத்த வரவுக்குக் கீழே பெரும்பாலும் காத்திருக்கும்.

மாதத்துக்கு இரண்டு வருவதற்கும் காரணம் அந்தத் திருப்பல்தான். முதல் முறை திரும்பியதும் நிதி நிறுவனம் மூன்று நான்கு நாள் கழித்து மறுபடியும் அனுப்பிப் பார்க்கிறது. ஒவ்வொரு திருப்பலுக்கும் தனித்தனியாக 295. வங்கி தவறுதலாக இரண்டு முறை போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரே தேதியில், ஒரே எண்ணோடு இருக்கும். இங்கே தேதிகள் நான்கு நாள், நான்கு நாள், மூன்று நாள் என்று ஒரு தாளகதியில் வருகின்றன. அம்மா பெயரில் ஏதாவது தவணைக் கடன் உண்டா?

வாணி_தருமபுரி | 6 செப்டம்பர், பிற்பகல்

ஐயா, மிக்க நன்றி. கடன் எதுவும் கிடையாது என்று அம்மா அடித்துச் சொல்கிறார். சுடர் சொன்னபடி 1930க்கும் அழைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஓய்வு_காசாளர் | 6 செப்டம்பர், பிற்பகல்

பொறுங்கள். சுடர் சொல்வது மோசடி நடந்த இடத்தில் சரியான அறிவுரைதான். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் உங்களிடமும் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் கைவரிசையில் பணம் போயிருந்தால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கும்போது வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. ஆனால் மோசடிப் பற்றுக்கு எதிர்முனையில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். யுபிஐயில் போயிருந்தால் பன்னிரண்டு இலக்க எண்ணும் பெற்றவரின் பெயரோ முகவரியோ இருக்கும், அட்டையில் போயிருந்தால் கடை அல்லது ஏடிஎம் அடையாளம் இருக்கும். உங்கள் எட்டு வரிகளில் அப்படி ஒருவரும் இல்லை. பணம் போனது வங்கியின் சொந்தப் பெட்டிக்கே.

நீங்கள் செய்ய வேண்டியது, கிளையில் போய் "இந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும் மேன்டேட் பட்டியல் வேண்டும்" என்று கேட்பது. மேன்டேட் என்பது நான் சொன்ன அந்தத் தானியங்கிப் பற்று ஒப்புதல்தான். ஒவ்வொன்றுக்கும் UMRN என்ற இருபது எழுத்து எண் இருக்கும், அதன் எதிரே கேட்கும் நிறுவனத்தின் பெயரும் உச்சத் தொகையும் இருக்கும். இன்று முதல் சனிக்கிழமைதான், வங்கி திறந்திருக்கும்.

பரிமளா_டீச்சர் | 6 செப்டம்பர், மாலை

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் கணக்கிலும் இப்படி ஒரு குழப்பம். பாஸ்புக்கில் பிப்ரவரிக்கு அடுத்து நேராக ஜூலை வந்திருக்கிறது, நடுவில் 4,812 ரூபாய் பற்று என்று ஒரே ஒரு வரி. நான் ஒரே நாளில் அவ்வளவு எடுத்ததே இல்லை. இதையும் 1.18ஆல் வகுத்துப் பார்த்தேன், 4,077 என்று ஏதோ வருகிறது. இதுவும் திருப்பல் கட்டணமா?

கணக்கன் | 6 செப்டம்பர், மாலை

டீச்சர், அதை வகுத்துப் பயனில்லை. நீண்ட நாள் பதிக்காமல் விட்ட பாஸ்புக்கில், சேர்ந்துபோன பதிவுகளைப் பல வங்கிகள் மொத்தப் பற்று, மொத்த வரவு என்று சுருக்கி அச்சடித்துவிடும். உங்களுடையது அப்படிப்பட்ட மொத்தமாக இருக்கலாம். அந்த ஐந்து மாதத்துக்குத் தேதிவாரியான அறிக்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் எத்தனை வரி ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

வாணி அவர்களுக்கு ஒன்று. நீங்கள் புரியாத எட்டு வரிகளை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். புரிந்ததாக நினைத்த வரிகளும் அவற்றோடு சங்கிலியாகச் சேர்கின்றனவா என்று பார்த்தீர்களா? முந்தைய மீதியிலிருந்து பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் அடுத்த மீதி வர வேண்டும், வராத இடத்தில் ஒரு வரி காணாமல் போயிருக்கிறது. எக்செலில் C பற்று, D வரவு, E மீதி என்று வைத்துக்கொண்டு, மூன்றாம் வரியில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்.

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

எல்லா வரியிலும் பூஜ்யம் வர வேண்டும். அறிக்கை புதிய தேதியிலிருந்து பழைய தேதிக்கு இறங்கினால் முதலில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரிக்கு வரி தப்பாகக் காட்டும். தொகை எழுத்தாகப் பதிவாகியிருந்தாலும் சூத்திரம் முரண்டு பிடிக்கும்.

வாணி_தருமபுரி | 6 செப்டம்பர், இரவு

போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் மட்டும் -9.00 வருகிறது. ஜூன் 9 அன்று மீதி 22.40, அடுத்த வரி ஜூன் 30 ஓய்வூதியம் 11,430, அதற்குப் பிறகு மீதி 11,461.40. கூட்டினால் 11,452.40தான் வர வேண்டும். ஒன்பது ரூபாய் அதிகமாக இருக்கிறது.

கணக்கன் | 6 செப்டம்பர், இரவு

பிடிஎஃப்பில் அந்த இடத்தில் பக்கம் முடிகிறதா என்று பாருங்கள்.

வாணி_தருமபுரி | 6 செப்டம்பர், இரவு

ஆமாம், முதல் பக்கத்தின் கடைசி வரி. ஜூன் 25, வட்டி வரவு 9 ரூபாய். எக்செலுக்கு மாற்றியபோது அது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சேர்த்ததும் எல்லாம் பூஜ்யம்.

கணக்கன் | 6 செப்டம்பர், இரவு

நல்லது. ஆனால் பூஜ்யம் வந்துவிட்டதால் எல்லாம் நியாயம் என்று ஆகிவிடாது. வரிகள் முழுமையாக இருக்கின்றன என்பதை மட்டும்தான் இது காட்டும். உங்கள் எட்டுப் பற்றுகளும்கூட இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிட்டன, பாருங்கள். இன்னொன்று, ஒரே தொகைக்கு ஒரு பற்றும் ஒரு வரவும் சேர்ந்து விட்டுப்போனால் அதுவும் தெரியாது.

வாணி_தருமபுரி | 6 செப்டம்பர், இரவு

ஐயா, மேன்டேட் பட்டியலைப் பிற்பகலிலேயே வாங்கிவிட்டேன், எழுதத்தான் கை வரவில்லை. ஒரே ஒரு மேன்டேட், ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில், 5ஆம் தேதிதோறும். தம்பியிடம் கேட்டேன். மே மாதம் புதிய கைபேசி வாங்கியபோது அவனுக்குக் கடன் கிடைக்கவில்லையாம், அதனால் கடையில் வைத்தே அம்மாவின் ஆதாரையும் பான் அட்டையையும் கொடுத்து, அம்மா பெயரில் பன்னிரண்டு தவணைக்கு எடுத்திருக்கிறான். ஓடிபி வந்தபோது "ஏதோ நம்பர் வந்துச்சு, சொன்னேன்" என்கிறார் அம்மா.

அவன் ஏமாற்றவில்லை. தவணை 2,166 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி தனக்குச் சம்பளம் வந்ததும் அந்த நிறுவனத்தின் செயலியில் அவனே கட்டிவிடுகிறான். கையில் கட்டிவிட்டால் வங்கியில் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். செயலியில் ஒவ்வொரு முறையும் தவணைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியதாம், அதை வட்டி என்று எண்ணிக் கட்டியிருக்கிறான்.

நேற்று 5ஆம் தேதியும் ஆகிவிட்டதே?

ஓய்வு_காசாளர் | 6 செப்டம்பர், இரவு

அந்தக் கூடுதல் தொகை வட்டியாக இருக்காது, அவர்கள் தரப்பின் திருப்பல் கட்டணமாகத்தான் இருக்கும். ஒரே திருப்பலுக்கு அம்மா வங்கியில் ஒரு முறை, தம்பி நிறுவனத்தில் ஒரு முறை என்று இரண்டு பேரும் கட்டியிருக்கிறார்கள்.

நேற்று மிலாது நபி விடுமுறைதான், ஆனாலும் 2021 ஆகஸ்ட் முதல் இந்தத் தானியங்கிப் பற்று விடுமுறை நாளிலும் ஓடுகிறது. அம்மா 30ஆம் தேதி 11,000 எடுத்திருந்தால் மீதி 141.40தான் இருந்திருக்கும். ஆகவே நேற்று 141.40 போயிருக்கும், 153.60 பாக்கி நிற்கும். பழைய தாளகதியில் பார்த்தால் 8 அல்லது 9ஆம் தேதி மறுபடியும் கேட்பார்கள். அதற்கு முன் கணக்கில் பணம் போடுங்கள், ஆனால் 2,166 மட்டும் போட்டால் போதாது. வங்கி முதலில் தன் பாக்கியை எடுத்துக்கொள்ளும், தவணைக்கு 153.60 குறையும், மறுபடியும் திரும்பிவிடும். 2,319.60க்குக் குறையாமல் போட வேண்டும். தம்பி இந்த மாதம் செயலியில் கட்டக் கூடாது, கட்டினால் இரண்டு முறை போய்விடும்.

மேன்டேட்டை ரத்து செய்துவிடலாமே என்று குமரன் சொல்லக்கூடும். கடன் உயிரோடு இருக்கும்போது அதை மட்டும் ரத்து செய்வது நல்லதல்ல. கடன் அம்மாவுடையது. 10ஆம் தேதி கட்டுவதால் ஏற்படும் ஐந்து நாள் தாமதம் கடன் பதிவில் ஏறக்கூடியது அவர் பெயரில்தான். 2007ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இத்தகைய திருப்பலைச் செக் திரும்பியதற்கு நிகராக வைக்கிறது. நிறுவனத்திடம் பேசி, பற்றுக் கணக்கைத் தம்பியுடையதாக மாற்ற முடியுமா, தேதியை 10க்குத் தள்ள முடியுமா என்று கேளுங்கள்.

குமரன்87 | 7 செப்டம்பர், காலை

நான் அப்படிச் சொல்லத்தான் இருந்தேன், தப்பித்தேன். ஆனால் ஒரு கேள்வி ஐயா. ஒரே தவணையை அவர்கள் இரண்டாம் முறை அனுப்பியதற்கு வாடிக்கையாளர் ஏன் 295 கொடுக்க வேண்டும்? பணம் இல்லை என்று முதல் முறையே தெரிந்துவிட்டதே. மூன்று கட்டணமாவது திரும்பக் கிடைக்க வேண்டும்.

ஓய்வு_காசாளர் | 7 செப்டம்பர், காலை

கட்டண அட்டவணையில் "ஒவ்வொரு திருப்பலுக்கும்" என்று இருந்தால் வங்கி அதைத்தான் காட்டும். நான் கிளையில் இருந்தபோது, முதியவர், முதல் முறை என்றால் ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுத்ததுண்டு. அது கிளை மேலாளரின் மனசைப் பொறுத்தது, உரிமை என்று கேட்க முடியாது.

கணக்கன் | 7 செப்டம்பர், காலை

இதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாதமாக ஒரே மேன்டேட் திரும்பிக்கொண்டிருக்கிறது, ஒரு குறுஞ்செய்தியாவது போயிருக்க வேண்டாமா? எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சுடர் | 7 செப்டம்பர், மதியம்

குறுஞ்செய்தி போயிருக்கும். பதிவான எண் யாருடையது என்று பாருங்கள். என் சித்தப்பாவுக்கும் பழைய எண்ணில்தான் வந்துகொண்டிருந்தது.

வாணி_தருமபுரி | 10 செப்டம்பர், மாலை

ஐயா கணித்தபடியே 5ஆம் தேதி 141.40 போயிருந்தது. 8ஆம் தேதி காலை 2,400 ரூபாய் அனுப்பினேன். உடனே 153.60 எடுத்துக்கொண்டார்கள், 9ஆம் தேதி 2,166 போனது, மீதி 80.40. முதல் முறையாக நிறுவனத்தின் பெயர் அறிக்கையில் தெளிவாக வந்திருக்கிறது.

சுடர் சொன்னது சரி. பதிவாகியிருந்தது இறந்துபோன அப்பாவின் எண், இப்போது யாரிடமோ இருக்கிறது. அந்த யாரோ ஒருவருக்கு மூன்று மாதமாக எங்கள் வீட்டுக் கணக்கு போய்க்கொண்டிருந்திருக்கிறது. எண்ணை மாற்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டோம்.

கட்டணம் பற்றிக் கடிதம் கொடுத்தேன். இப்போது ஏழு கட்டணம், 2,065 ரூபாய். மேலாளர் வாங்கி முத்திரை வைத்துக் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை. நிறுவனமோ, கணக்கை மாற்றப் புதிய மேன்டேட் வேண்டும், அதற்கு அம்மாதான் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. தம்பியின் கைபேசியை அடுத்த பத்து நாளைக்கு அம்மா தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

பரிமளா_டீச்சர் | 10 செப்டம்பர், இரவு

என் அறிக்கை வந்துவிட்டது. 4,812க்குள் பதினேழு வரிகள். பதினாறு என்னுடையவை. 354 ரூபாய் ஒன்று மட்டும் தெரியவில்லை, 1.18ஆல் வகுத்தால் 300 வருகிறது. விவரத்தில் LKR என்று இருக்கிறது.

ஓய்வு_காசாளர் | 10 செப்டம்பர், இரவு

டீச்சர், உங்கள் பெயரில் லாக்கர் இருக்கிறதா?